வழுக்கும் கம்பமும் நடுவரின் கண்ணும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் மே 3 வரை பெங்களூரில் ஜெயின் பல்கலைக்கழகம் ஏற்று நடத்திய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில், ஓட்டம், நீச்சல், கூடைப்பந்து முதலான பழகிய போட்டிகளோடு, யோகாசனமும் மல்லகம்பமும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. ஓட்டத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும்; மல்யுத்தத்தில் தோள்கள் மெத்தையைத் தொட்டனவா இல்லையா என்பதைப் பார்த்தால் போதும்; ஆனால் எண்ணெய் பூசிய ஒரு மரக்கம்பத்தின் மீது 90 விநாடிக்குள் ஒருவன் ஏறி, சுழன்று, தலைகீழாகி, உச்சியில் நிலைத்து, இறங்கி முடித்த வித்தைக்கு 8.60 என்றும் அடுத்தவன் வித்தைக்கு 8.45 என்றும் எண் போடுவதற்கு அங்கே எந்தக் கருவியும் இல்லை. நடுவர்களின் கண்ணும், அந்தக் கண்ணுக்கு வழிகாட்டும் விதிநூலுமே உண்டு. அந்தப் பதினைந்து சதாம்சங்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லகம்பம் மதிப்பெண்ணுக்காகப் பிறந்த கலையன்று என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன், ஏறத்தாழ 1130ஆம் ஆண்டில், நூறு அத்தியாயங்களில் சமஸ்கிருதத்தில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் நூலில், அரசர்க்குரிய விநோதங்களைச் சொல்லும் பகுதியிலே மல்லர்களின் உணவு, பயிற்சி, மோதல் ஆகியவற்றை விவரிக்குமிடத்தில், மல்லர்கள் தூணைத் தழுவிப் பழகும் அப்பியாசமும் பேசப்படுகிறது. அந்தக் கல்யாணி இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்ற பெயரோடு இருக்கிறது; ஆகவே இக்கலையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று கன்னட நாட்டு அரசவையில் எழுந்ததென்று சொல்வதில் பிழையில்லை. பிற்காலத்தில் இது மங்கிக் கிடந்து, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில், அவருடைய அவையிலிருந்த பாலம்பட் தாதா தேவ்தர் என்னும் பயிற்சியாசிரியரால் மீண்டும் உயிர் பெற்றது என்பது மராட்டிய மரபு. நாசிக் மாவட்டத்து வணி என்னுமூரில் சப்தசிருங்கி தேவியை வழிபட்டிருந்தபோது குரங்குகள் மரத்தில் ஏறியிறங்கும் லாவகத்தைக் கண்டு அவர் இதை வகுத்தார் என்பது அம்மரபோடு ஒட்டி வழங்கும் கதை. கதையின் உண்மை எப்படியிருப்பினும், அதன் உட்கருத்து தெளிவானது. எதிரியின் உடம்பைப் பிடிக்கவும், அவன் பிடியிலிருந்து நழுவவும், கணத்தில் பிடியை மாற்றவும் மல்லனுக்கு ஒரு துணை வேண்டும். களைக்காத, கோபிக்காத, எப்போதும் அசையாது நிற்கும் துணையாக மரம் வாய்த்தது. பயிற்சியின் பலன் கோதாவில் தெரிய வேண்டியதேயன்றி, கம்பத்தின் மேலேயே அதற்கு மதிப்புப் போடுவதற்கு அன்றைக்கு அவசியமே எழவில்லை.

அவசியம் எழுந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம பிரசாரக மண்டலியினர் இந்திய தேகப்பயிற்சிகளை உலகோர்முன் நிகழ்த்திக் காட்டியபோது அது காட்சியாக மட்டுமே இருந்தது. 1958இல் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியின்போது இதற்கும் ஓர் இடம் தரப்பட்ட பிறகுதான், ஒருவனை மற்றவனோடு ஒப்பிட வேண்டிய நிலை வந்தது. 1981இல் குவாலியரில் தனியான தேசியப் போட்டி தொடங்கி, தனிச் சம்மேளனமும் அமைந்தது. கோதாவுக்கு அருகே வளர்ந்த கலை ஜிம்னாஸ்டிக்ஸின் வாசல் வழியாகப் போட்டிக்குள் நுழைந்தமையால், அதன் அளவுகோலும் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்தே வந்து சேர்ந்தது என்பது இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தி. இரவல் அளவுகோல் எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று காண்பதற்கு, அளக்கப்படும் பொருளை முதலில் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நிலைக்கம்பம் தேக்கு அல்லது ஈட்டி போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் கடைந்தெடுக்கப்படுவது. தரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரம் நிற்கும். அடியில் அதன் சுற்றளவு 55 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். மேலே போகப்போகச் சிறுத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே கழுத்தாக ஒடுங்கி, அதற்கு மேல் ஒரு முண்டாக முடியும். இந்த வடிவம் அழகுக்காக ஏற்பட்டதன்று. அடியில் கைகள் கம்பத்தைத் தழுவ முடியுமேயன்றி இறுகப் பற்ற முடியாது. ஆகவே அங்கே வேலை செய்வன தொடைகளும் மார்பும் முழங்கை மடிப்புமே. கழுத்துக்கு வந்தபின் விரல்கள் கூடி மூடுகின்றன; முண்டின்மேலோ பற்றுவதற்கே ஒன்றுமில்லை, சமநிலை ஒன்றே துணை. ஒரே கம்பம் மூன்று வெவ்வேறு திறமைகளைக் கேட்கிறது.

அதன் மேல் பூசப்படுவது ஆமணக்கெண்ணெய். உராய்வைக் குறைத்து உடம்பு வழுக்கிச் சுழல்வதற்கு அது உதவுகிறது. எண்ணெய் போதாவிட்டால் வேகமான சுழற்சியில் தொடையின் உட்புறத்துத் தோல் உரியும், மிகுந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் உடம்பு கீழே இறங்கும். உராய்வு குறையக் குறைய, அதே எடையைத் தாங்கத் தசைகள் கம்பத்தை அழுத்தும் விசை கூட வேண்டும் என்பது பள்ளிப் பௌதிகம். ஆகவே எண்ணெய் பூசிய கம்பத்தில் அசைவற்று நிற்பவனுடைய தசைகள், நம் கண்ணுக்குத் தெரியாமல், உலர்ந்த கம்பத்தில் நிற்பவனுடையவற்றைவிடக் கடுமையாக உழைக்கின்றன. இதிலிருந்து நடுவருக்கு ஒரு சங்கடமும் பிறக்கிறது. முதலாவதாக ஏறுபவனுக்குக் கிடைக்கும் கம்பமும், பலருடைய வேர்வை எண்ணெயோடு கலந்து படிந்தபின் பத்தாவதாக ஏறுபவனுக்குக் கிடைக்கும் கம்பமும் ஒன்றல்ல; ஒவ்வொருவருக்குப் பின்னும் கம்பத்தைத் துடைத்துப் புதிதாக எண்ணெயிட்டால்தான், வித்தையில் தெரியும் வேறுபாடு வீரனுடையதா மரத்தினுடையதா என்று சொல்ல இயலும்.

கயிற்று மல்லகம்பம் இதற்கு உடன்பிறந்தது. முற்காலத்தில் பிரம்பைத் தொங்கவிட்டுப் பழகினார்கள், நல்ல பிரம்பு அரிதானபோது பருத்திக் கயிறு அதனிடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கயிற்றைக் கால் பெருவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையே இடுக்கிப் பிடிப்பதுதான் அதன் ஆதாரப் பிடி. அந்தச் சிறு இடுக்கிலே முழு உடம்பின் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, கயிற்றைத் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் சுற்றி ஆசனங்களில் அமர்ந்து, எங்கும் முடிச்சு விழாமல் அத்தனையையும் அவிழ்த்துக்கொண்டு இறங்க வேண்டும். சுற்றின் திசையோ வரிசையோ மாறினால் கயிறு அவிழாமல் இறுகும். ஆடுபவர் அதை ஒரு கையால் தள்ளிவிட நேரும். வித்தை சிதைந்ததற்கு அந்தத் தள்ளுதலைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. கட்டையைச் சங்கிலியில் தொங்கவிட்டு ஆடும் தொங்கு மல்லகம்பம் மூன்றாவது வகை. அங்கே கம்பமே சுழல்வதால், தவறான விசை உடனே கம்பத்தின் ஆட்டத்தில் வெளிப்பட்டுவிடும். நிலைக்கம்பம் மட்டுமே ஆடுபவனுடைய தவறை மறைக்கவல்லது. எனவே நடுவரின் பரீட்சையும் அங்கேதான் கடினம்.

இனி அளவுகோலைப் பார்ப்போம். மல்லகம்ப நடுவர்கள் ஒரு வித்தைத் தொடரை நான்கு தலைப்புகளில் பார்க்கிறார்கள்: உறுப்புகளின் கடினம், அவற்றைக் கோத்த இணைப்பு, செய்து முடித்த நேர்த்தி, புதுமை. மொத்தம் 10, கடினத்தை ஏ, பி, சி என்னும் படிகளாகப் பிரித்து எண்ணுவதும் வழக்கம். இதன் மூலத்தை 1960களின் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் விதிகளில் காணலாம். அங்கே ஆடவர் விருப்பத் தொடருக்குக் கடினத்துக்கு 3.4, இணைப்புக்கு 1.6, நேர்த்திக்கு 5.0 என்று பங்கு வைத்திருந்தார்கள். ஏ உறுப்பு ஒன்றுக்கு 0.2, பி ஒன்றுக்கு 0.4, சி ஒன்றுக்கு 0.6 என்று கொண்டு, ஆறு ஏ, நான்கு பி, ஒரு சி சேர்ந்தால் 1.2, 1.6, 0.6 ஆகக் கூடிச் சரியாக 3.4 நிறையும். கூட்டலும் கழித்தலும் வெளிப்படையாக நடப்பதால், நடுவருடைய ருசிக்கு அது ஒரு கடிவாளமாக அமைந்தது. பிற்காலத்தில் புதுமைக்கென்று தனிப் பங்கு ஒதுக்கியதும் இதே மரபில்தான்.

இந்தத் தராசில் ஒரு மல்லகம்பத் தொடரை வைத்துப் பார்ப்போம்; உதாரணத்துக்காக நானே புனைந்து கொள்ளும் தொடர் இது. ஒருவன் வணங்கிவிட்டு ஓடிவந்து கம்பத்தில் பாய்ந்து தலைகீழாகப் பூட்டிக்கொள்கிறான், மராட்டியர் ‘பகலி’ என்னும் அக்குள் பிடியில் கம்பத்தை அடக்கி உடம்பைப் புரட்டுகிறான், கைக்கும் கம்பத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியில் தன் உடம்பையே நூலாகக் கோத்தெடுக்கும் ‘சுயிதோரா’வைச் செய்கிறான், கழுத்தைப் பற்றிக் கொடிபோல் உடம்பைப் பக்கவாட்டில் நீட்டுகிறான், முண்டின்மேல் ஏறி ஆசனத்தில் நிலைத்து, சுழன்றிறங்கி, கடைசியில் கம்பத்தை விட்டுக் குதித்து மெத்தையில் நிற்கிறான். இதில் கடினத்தை எண்ணும் நடுவருக்கு அதிகத் தொல்லையில்லை. உறுப்பு முழுமையாக நிகழ்ந்ததா, அறிவித்த படியில் நிகழ்ந்ததா என்ற இரண்டே வினாக்கள். கொடிநிலையில் உடம்பு கிடைமட்டத்துக்கு வராமல் சாய்ந்தே நின்றால் அது கொடியே அன்று.

இணைப்பைப் பார்க்கும்போதுதான் மல்லகம்பத்தின் சுயமான லட்சணம் முன்வருகிறது. கிடைச்சட்டத்தில் ஆடும் ஜிம்னாஸ்ட் சட்டத்தை விட்டுப் பறந்து மீண்டும் பற்றுவதே அவன் சாதனையின் உச்சம். மல்லகம்பத்திலும் பாய்ச்சல்கள் உண்டு. ஆயினும் அதன் உயிர் பிடி கைமாறும் விதத்தில் இருக்கிறது. தொடை தளரும் கணத்திலே அக்குள் இறுக வேண்டும், அக்குள் தளரும் கணத்திலே முழங்கை மடிப்பு ஏற்க வேண்டும். ஒரு பிடி முடிந்து மறுபிடி தொடங்கும் இடம் பார்ப்பவனுக்குத் தெரியாமலிருந்தால் அதுவே உயர்ந்த இணைப்பு. மேலே ஏறி ஓய்வெடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த உறுப்பைத் தொடங்குபவன், உறுப்புகளின் பட்டியலை நிறைவேற்றியவனாவானே தவிரத் தொடரை ஆடியவனாகமாட்டான். அதேபோலக் கம்பத்தின் அடி, நடு, கழுத்து, முண்டு என்ற எல்லாப் பகுதிகளும் பயன்பட வேண்டும். தனக்கு எளிதான உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பவன், 90 விநாடியை நிரப்பினாலும், கம்பம் கேட்ட மூன்று திறமைகளில் ஒன்றையே காட்டினவனாவான்.

நேர்த்தியில்தான் பெரும்பாலான புள்ளிகள் கழிகின்றன, பெரும்பாலான சச்சரவுகளும் எழுகின்றன. முழங்கால் மடங்குவது, பாதத்தின் நுனி நீளாமல் தொங்குவது, இறங்கி நிற்கையில் ஓரடி பின்வைப்பது ஆகியவை எல்லாரும் காணக்கூடியவை. இவற்றைவிட நுட்பமானது வழுக்கல். நம் உதாரணத்து வீரன் கொடிநிலையில் இருக்கும்போது அவன் பிடி கழுத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அவன் விழவில்லை, உடம்பும் நேராகவே இருக்கிறது, பார்வையாளர் கைதட்டுகிறார்கள். ஆனால் கட்டைவிரல் ஒருமுறை திறந்து மூடியிருக்கும், தோள்பட்டை ஒரு கணம் காதை நோக்கி எழும்பியிருக்கும், அடுத்த உறுப்பைச் சற்றே தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்க நேர்ந்திருக்கும். தேர்ந்த நடுவர் உடம்பின் பொதுவான வடிவத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பிடி எங்கே இருக்கிறதோ அங்கே பார்வையை நிறுத்துவார். பழகாதவர் வீசும் கால்களைப் பார்த்து மயங்குவார். வேண்டுமென்றே வழுக்கிச் சுழல்வதும் வேண்டாமல் வழுக்குவதும் ஒரே கம்பத்தில் அடுத்தடுத்து நிகழ்கின்றன என்பதே இதன் விசேஷக் கஷ்டம். வேண்டிய வழுக்கல் ஒரே வேகத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் முடியும். வேண்டாத வழுக்கல் வெட்டென்று தொடங்கி ஒரு பிடிப்பில் முட்டி நிற்கும்.

இந்த ஒரு வழுக்கல் மதிப்பெண்ணில் எப்படித் தெரியும்? பழைய ஜிம்னாஸ்டிக்ஸ் வழக்கப்படி நால்வர் தனித்தனியே எண் போட்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, நடுவிலுள்ள இரண்டின் சராசரியைக் கொண்டால், நால்வரும் 8.40, 8.50, 8.70, 9.10 என்று இட்டிருக்கும்போது விடை 8.60. ஒருவர் மட்டும் மயங்கி அளித்த 9.10 தானே உதிர்ந்துவிடுகிறது. சார்பையும் கவனக்குறைவையும் இந்த ஏற்பாடு நன்றாகவே தடுக்கிறது. ஆனால் வழுக்கலைக் கண்டவர் 8.40 இட்ட ஒருவர் மட்டுமே என்றால், அவருடைய எண்ணும் உதிர்கிறதல்லவா? பலர் காணாததை ஒருவர் கண்டால், அவர் சரியாகக் கண்டிருந்தும் அவர் கண்டது கணக்கில் ஏறுவதில்லை. கம்பம் உருண்டை, வீரன் அதைச் சுற்றிச் சுழல்பவன். ஒரே பக்கத்தில் வரிசையாக அமர்ந்திருந்தால், கம்பத்தின் மறுபுறத்தில் நிகழும் பிடிமாற்றம் நால்வருக்குமே தெரியாது. நான்கு திசைகளில் அமர்ந்த நால்வரில், அது ஒருவருக்குத் தெளிவாகவும் மற்றொருவருக்கு அரைகுறையாகவும் தெரியும். சராசரி முறை எல்லாரும் ஒன்றையே பார்க்கிறார்கள் என்ற அனுமானத்தின்மேல் நிற்பது; கிடைச்சட்டத்துக்குப் பொருந்தும் அந்த அனுமானம் கம்பத்துக்குப் பொருந்தவில்லை. இரவல் அளவுகோல் இடறும் இடம் இதுவே.

கண்ணை மட்டும் நம்பிய தீர்ப்பு எவ்வளவு தூரம் பிழைபடக் கூடும் என்பதற்கு ஜிம்னாஸ்டிக்ஸே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் அனைத்துப் பிரிவுப் போட்டியில் அமெரிக்கரான பால் ஹாம் 57.823 பெற்றுத் தங்கம் வென்றார். தென் கொரியாவின் யாங் டே-யங் 57.774 பெற்று மூன்றாமிடம் அடைந்தார். யாங்கின் இணைச்சட்டத் தொடருக்குத் தொடக்க மதிப்பு 10.0 என்று கொள்ள வேண்டியதை நடுவர்கள் தவறுதலாக 9.9 என்று கொண்டது பின்னர் தெரியவந்தது, அந்த 0.1 சேர்ந்திருந்தால் தங்கம் அவருக்கே. மூன்று நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆயினும் முறையீடு உரிய நேரத்தில் வரவில்லை என்ற காரணத்தால் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் முடிவை மாற்ற மறுத்தது. கதை இத்துடன் முடியவில்லை. ஒளிப்பதிவை ஆராய்ந்தவர்கள், யாங் அதே தொடரில் அனுமதிக்கப்பட்டதற்கு மேல் ஒரு நிறுத்தம் கூடுதலாகச் செய்ததையும், அதற்குக் கழிக்க வேண்டிய 0.2 கழிக்கப்படவில்லை என்பதையும் சுட்டினார்கள். கூட்டலில் ஒரு பிழை, கழித்தலில் ஒரு பிழை. முதற்பிழை எண்ணிக்கைப் பிழையாதலால் சான்றுகொண்டு நிரூபிக்க முடிந்தது, இரண்டாவது காட்சிப் பிழையாதலால் யாரும் அன்று கவனிக்கவே இல்லை. 2006 முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகம் 10 என்ற உச்சவரம்பைக் கைவிட்டு, கடினத்தை ஒரு குழுவும் நேர்த்தியை மற்றொரு குழுவும் தனித்தனியே மதிப்பிடும் முறைக்கு மாறியது.

இப்பாடத்தை மல்லகம்பம் அப்படியே பின்பற்ற வேண்டுமென்று நான் கருதவில்லை. உச்சவரம்பை நீக்கினால் கடினத்தை மேன்மேலும் அடுக்குவதில் ஆசை மிகும். பிடி கைமாறும் நயத்தைக் கவனிப்பார் இரார். மல்லனுடைய அப்பியாசம் கழைக்கூத்தாடியின் சாகசமாகிவிடும். பத்துக்குள் பத்தைப் பங்கிடும் பழைய முறையில் இணைப்புக்கு நிச்சயமான ஓர் இடம் உண்டு. இக்கலைக்கு அது காப்பு. ஆனால் குழுவைப் பிரித்த நியாயம் இங்கே முழுவதும் செல்லும். உறுப்புகளை எண்ணிக்கொண்டே வழுக்கலையும் கவனிப்பது மனிதக் கண்ணால் ஆகாது. எண்ணுபவர் எண்ணட்டும், காண்பவர் காணட்டும். காண்பவர்கள் கம்பத்தைச் சுற்றி வெவ்வேறு திசைகளில் அமரட்டும். ஒருவர் மட்டும் கண்ட பிடிநழுவலைச் சராசரி விழுங்கிவிடாதபடி, ஒவ்வொருவரும் எந்த உறுப்பில் எதற்காகக் கழித்தார் என்பதை எழுதிவைத்து, எண்களை ஒன்றுசேர்க்குமுன் தலைமை நடுவர் அதை ஒத்துப் பார்க்கட்டும்.

2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பூங்காவில் முதல் உலகப் போட்டி நடந்தேறிவிட்டது. 2022இல் பெங்களூருக்குப் பின்னர் அதே ஆண்டில் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுகளிலும் மல்லகம்பம் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் விழுப்புரம் இதற்குப் பெயர்பெற்ற களமாக விளங்குகிறது. பதக்கத்தோடு கல்லூரி இடமும் வேலையும் கூடவே வரக்கூடிய காலம் இது. ஆதலால் 0.15 புள்ளி ஒருவனுக்கு ஏன் குறைந்தது என்று அவனுடைய ஆசிரியர் கேட்டால், இன்ன உறுப்பில், கம்பத்தின் இன்ன பக்கத்தில், இன்ன பிடி நழுவியது என்று காட்டக்கூடிய ஏடு நடுவர் மேசையில் இருக்க வேண்டும். அத்தகைய ஏடு இல்லாத போட்டியில் வழங்கப்படும் எண், எத்தனை தசமங்களோடு எழுதப்பட்டாலும், அபிப்பிராயமேயன்றி அளவாகாது.